வாந்தி, பேதி நாளில் அம்மாவின் பிபி மாத்திரையைக் கொடுக்கலாமா? மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் இருக்கிறது

நிலாமுற்றம் · செவ்வாய், காலை 6:40

அம்மாவுக்கு 68 வயது. நேற்று இரவு பத்து மணிக்கு ஆரம்பித்த பேதி விடியும்வரை ஏழு தடவை. நடுவில் இரண்டு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை. ஓஆர்எஸ் கரைத்து ஸ்பூனில் கொடுக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. சிறுநீர் இரவு முழுக்க ஒரே தடவைதான், அதுவும் நல்ல மஞ்சளாக.

தினமும் காலை ஏழு மணிக்கு பிபி மாத்திரை போடுவார். அட்டையில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5, குளோர்தாலிடோன் 12.5 என்று மூன்று பெயரும் சேர்ந்து ஒரே மாத்திரையாக இருக்கிறது. அது தவிர மெட்டோப்ரோலால் 25 தனியாக. எப்போதும் 128/78 இருக்கும். இப்போது உட்கார்ந்து பார்த்தால் 104/62, நாடி 108. பாத்ரூம் போக எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார், அதனால் நிற்க வைத்து இன்னொரு தடவை பார்த்தேன்: 88/56.

ஏழு மணி மாத்திரையைக் கொடுக்கவா வேண்டாமா? எங்கள் டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் போன் எடுப்பார்.

பழைய_வாத்தியார் · காலை 6:52

அம்மா, பிபி மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. இருபத்திரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன், முதல் நாளே என் டாக்டர் சொன்னது இது. திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் எகிறி பக்கவாதம் வரும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு மேலே ஓஆர்எஸ் நிறையக் கொடுங்கள்.

கரையோரம் · காலை 6:58

நிலாமுற்றம், அந்த மூன்று சேர்ந்த மாத்திரையை இப்போது கொடுக்காதீர்கள். மெட்டோப்ரோலால் வேறு கதை, அதை டாக்டர் போன் எடுக்கும்வரை தள்ளி வையுங்கள், ஆனால் அவரிடம் கேட்க மறக்காதீர்கள். ஒன்பது மணிக்குப் போன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அம்மாவை இன்றைக்கு ஒரு டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 104 இருந்தது நின்றதும் 88 ஆகிறது என்றால் உடம்பில் நீர் நன்றாகவே குறைந்துவிட்டது. சிறுநீரும் அதையேதான் சொல்கிறது. நடுவில் மயக்கம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஓஆர்எஸ் ஒரு ஸ்பூன்கூட நிற்காவிட்டாலோ ஒன்பது மணிக்காகக் காத்திருக்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நான் சிறுநீரகப் பிரிவில் பத்தொன்பது வருடமாக மருந்தாளராக இருக்கிறேன். காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் எழுதுகிறேன். முதலில் அம்மாவைப் பாருங்கள்.

நிலாமுற்றம் · காலை 7:03

சரி அக்கா. கொடுக்கவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து மேலே வைத்துவிட்டேன், பழக்கத்தில் அம்மாவே போட்டுவிடுவார்.

சுடர்விழி · காலை 7:30

இதைப் படிச்சதும் கை நடுங்குது. போன வருஷம் அப்பாவுக்கு இதேதான். ராமிப்ரில் சாப்பிடறவர். குளிர் காய்ச்சல் வந்து நாலு நாள் சரியா சாப்பிடல, வேர்த்துக் கொட்டுச்சு, ஆனா மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடல. உடம்பு வலிக்குதுன்னு டைக்ளோஃபினாக்கும் தினம் ரெண்டு. அஞ்சாவது நாள் சிறுநீரே போகல. சிறுநீரகம் அடிபட்டா ரத்தத்துல ஏறற கிரியாட்டினின் அதுக்கு முன்னாடி 1.1 இருந்தது 4.2 வந்துடுச்சு. ஒன்பது நாள் அட்மிட். டயாலிசிஸ் வரைக்கும் போகாம தப்பிச்சார், ஆனா கிரியாட்டினின் இன்னமும் 1.5லதான் நிக்குது.

அங்க ஒருத்தர் கேட்டாங்க, "காய்ச்சல் வந்தா இந்த மாத்திரையை நிறுத்தணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"ன்னு. எட்டு வருஷமா சாப்பிடறார், ஒருத்தரும் சொன்னதில்ல.

கரையோரம் · காலை 8:05

சுடர்விழி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன், அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சிறுநீரகத்தில் இருக்கும் ஒவ்வொரு சின்ன வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வடிகட்ட உள்ளே அழுத்தம் வேண்டும். உடம்பில் நீர் குறைந்து ரத்த அழுத்தம் இறங்கும்போது சிறுநீரகம் வெளியே போகும் குழாயைச் சுருக்கி, உள்ளே அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி "ப்ரில்" என்று முடிகிறவையும், டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி "சார்டன்" என்று முடிகிறவையும் அந்தக் குழாயைச் சுருங்க விடாது. நல்ல நாளில் அதுதான் அவற்றின் நன்மை, வடிகட்டியின் மேல் சுமை குறையும். நீர் வற்றிய நாளில் அதுவே தீமை, தப்பிக்கும் வழியை அடைத்துவிடுகிறது.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் அடுத்த பக்கத்தில் வேலை செய்கின்றன. உள்ளே வரும் குழாயை விரித்து வைக்கும் பொருளை உடம்பு தயாரிக்க விடாது. வரத்தும் குறைந்தது, வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்த முடியவில்லை. இதோடு குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைட், ஃப்யூரோஸமைட் மாதிரி நீர் மாத்திரையும் சேர்ந்தால், ஏற்கெனவே வற்றுகிற தண்ணீரை நாமே இன்னும் இறைத்து வெளியே ஊற்றுகிறோம். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால் மட்டும் போதும்.

வாத்தியார் ஐயா சொன்னதில் பாதி சரி. திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறும் மருந்துகள் உண்டு, குளோனிடின் அதில் முதல். மெட்டோப்ரோலால், அட்டெனலால் வகையைச் சட்டென்று விட்டால் நாடி எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். அதனால்தான் நிலாமுற்றத்திடம் அதைத் தனியாகப் பிரித்துச் சொன்னேன். ஆனால் டெல்மிசார்டனுக்கும் ராமிப்ரிலுக்கும் அந்த எகிறல் கிடையாது. இரண்டு மூன்று நாள் விட்டால் அழுத்தம் மெதுவாகத்தான் பழைய இடத்துக்கு ஏறும்.

பழைய_வாத்தியார் · காலை 8:21

எனக்கு அட்டெனலால்தான் கொடுத்திருக்கிறார்கள் தாயே. என் டாக்டர் சொன்னதை எல்லா மாத்திரைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நிலாமுற்றம், என் யோசனையைக் கேட்டுக் கொடுக்காமல் இருந்தீர்களே, அதுவே நிம்மதி.

கூழாங்கல் · காலை 8:40

நல்ல இழை. எனக்கும் மூன்று நாளாகச் சளி, மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் 99.5. லோசார்டன் 50 சாப்பிடுகிறேன். இதைப் படித்துவிட்டு இன்றைக்கு நிறுத்திவிட்டேன். சளி போகும்வரை நிறுத்தி வைக்கலாம்தானே? எனக்குச் சளி போகப் பத்து நாளாவது ஆகும்.

கரையோரம் · காலை 8:47

கூழாங்கல், இன்றைய மாத்திரையை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். வழக்கம்போலச் சாப்பிடுகிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்கள், சிறுநீர் போகிறது என்றால் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. நோய் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்துவதில்லை, உடம்பிலிருந்து தண்ணீர் போகிறது, உள்ளே போவது அதை ஈடுகட்டவில்லை என்பதற்காகத்தான் நிறுத்துவது. ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தால், அல்லது இரண்டு தடவை வயிறு இளகினால் அது இதில் சேராது. காய்ச்சல் என்றாலும் நடுக்கமும் வேர்வையுமாக அடித்து, சாப்பாடு தண்ணீர் இறங்காத காய்ச்சலைத்தான் சொல்கிறோம்.

பத்து நாள் லோசார்டனை விட்டால் வருகிற கெடுதல் உங்கள் சளியால் வரப்போவதைவிடப் பெரியது.

மெதுநடை · காலை 9:15

எனக்கு இதயம் பலவீனம், பம்ப் செய்வது 30 சதவீதம்தான் என்றார்கள். டார்செமைட், ஸ்பைரனோலாக்டோன், அதோடு ஒரு சார்டன் சேர்ந்த மருந்தும் சாப்பிடுகிறேன். நானும் இப்படி நிறுத்தலாமா? எங்கள் இதய மருத்துவர் "நீயாக எதையும் தொடாதே" என்கிறார். சிறுநீரக மருத்துவர் "பேதி வந்தால் நிறுத்து" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

கரையோரம் · காலை 9:32

உங்களுக்கு இதய மருத்துவர் சொன்னபடியே நடங்கள், அதாவது முதல் நாளே போன் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் உடம்பில் தண்ணீர் கூடினால் நுரையீரலில் போய்த் தேங்கும், குறைந்தால் சிறுநீரகம் அடிபடும். நடுவில் இருக்கும் பாதை மிகக் குறுகல். பேதி வந்த நாளில் காலையில் எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். எப்போதும் இருக்கும் எடையிலிருந்து இரண்டு கிலோ இறங்கியிருக்கிறதா, அல்லது கால் வீங்கி எடை ஏறியிருக்கிறதா என்ற அந்த ஒரு எண்ணைப் போனில் சொன்னால் அவர்களால் சரியாக முடிவு சொல்ல முடியும். இரண்டு மருத்துவரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதித் தரும்படி அடுத்த தடவை கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நள்ளிரவு_வெளிச்சம் · காலை 10:10

நான் பொது மருத்துவர். கரையோரம் நிலாமுற்றத்துக்குச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இதை ஒரு விதியாக எல்லாருக்கும் அட்டை அடித்துக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

2013இல் ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பகுதி சுகாதாரத் துறைதான் இப்படி அட்டை அச்சடித்துப் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டே வருடத்தில் பிரிட்டனின் சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டக் குழு, இதனால் மொத்தத்தில் நன்மைதான் என்று காட்டும் சான்று மிகப் பலவீனமாக இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக விநியோகிக்காதீர்கள் என்று சொன்னது. நீர் வற்றும்போது சிறுநீரகம் அடிபடுகிறது என்பது உண்மை. அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நடைமுறையில் நான் பார்க்கும் தொந்தரவு வேறு. நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிப்பதில்லை. மூன்று மாதம் கழித்து 180/100ஓடு வருகிறார்கள். கேட்டால், "பேதி வந்தபோது நிறுத்தச் சொன்னீங்களே டாக்டர்" என்கிறார்கள்.

சுடர்விழி · காலை 10:25

டாக்டர், சான்று பலவீனம்னு சொல்றது புரியுது. ஆனா எங்க அப்பாவுக்கு அந்த அட்டை ஒண்ணு கிடைச்சிருந்தா முதல் நாளே அந்த டைக்ளோஃபினாக்கையாவது விட்டிருப்பார். அட்டை கொடுக்காம இருக்கறதும் ஒரு முடிவுதானே.

நள்ளிரவு_வெளிச்சம் · காலை 10:41

வலி மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அதற்கு அட்டைகூட வேண்டாம், ப்ரில்லோ சார்டனோ சாப்பிடுகிறவர் நீர் வற்றிய நாளில் அதைத் தொடவே கூடாது. மற்றதில், பொதுவான அட்டையைவிட அந்த நோயாளியின் மாத்திரைப் பெயரையே எழுதிக் கொடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். "நீர் மாத்திரையை நிறுத்து" என்றால் பலர் நிறுத்துவது தப்பான மாத்திரையை.

கரையோரம் · காலை 11:05

இதில் டாக்டரோடு நானும் நிற்கிறேன், காரணம் இந்த இழையின் தலைப்பிலேயே இருக்கிறது. மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் இருந்தால் அது நீர் மாத்திரை என்று வீட்டில் யாருக்குத் தெரியும்? "பிபி மாத்திரை" என்று மட்டும்தான் தெரியும். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிக்க வேண்டும். அந்த அட்டையை வெட்டிக் கொடுப்பவரிடம் வாங்கினால் அந்தப் பெயர் இருந்த பகுதியே கையில் இருக்காது. எங்கள் பிரிவில் நோயாளி வரும்போது அட்டையைத் திருப்பி வைத்து, நிறுத்த வேண்டியதன் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, எந்த மாத்திரை, எப்போது நிறுத்துவது, எப்போது ஆரம்பிப்பது என்று மூன்று வரி எழுதிக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் செய்கிறேன், ஆனால் அந்தத் தாளைப் பையில் மடித்து வைத்திருந்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

சர்க்கரை நோயும் உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மெட்ஃபார்மினும், டாபாகிளிஃப்ளோஸின் மாதிரி "கிளிஃப்ளோஸின்" என்று முடிகிறவையும் இதே நாளில் நிறுத்தும் பட்டியலில் வரும். இன்சுலின் வராது. இன்சுலினை நீங்களாக முழுசாக நிறுத்திவிடாதீர்கள். அது தனி இழை ஆகும், இங்கே நீட்டவில்லை.

நிலாமுற்றம் · மாலை 4:50

வந்துவிட்டோம். டாக்டர் நேரில் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் 1.7. போன வருட ரிப்போர்ட் கையில் இருந்தது, அதில் 0.9. சோடியம் 131, பொட்டாசியம் 4.0. கையில் ஊசி போட்டு ஒரு லிட்டர் சலைன் ஏற்றினார்கள். ஏறி முடித்தபோது 112/66, நாடி 92. சிறுநீரும் போனது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இரவில் வாந்தி நிற்காவிட்டால் திரும்ப வரச் சொல்லி.

சேர்ந்த மாத்திரை வேண்டாம், மெட்டோப்ரோலால் இன்று மாலையிலிருந்து கொடுங்கள் என்றார். எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று கேட்டால் "நன்றாக ஆனதும்" என்றார். அந்த "நன்றாக ஆனது" எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கரையோரம் · மாலை 5:20

0.9இலிருந்து 1.7. அந்த ஏழு மணி மாத்திரை உள்ளே போகாததும், இன்றே டாக்டரிடம் போனதும் நல்லது.

திரும்ப ஆரம்பிக்க நாங்கள் வைக்கும் கணக்கு இது. பேதியும் வாந்தியும் நின்று, அவர் எப்போதும் சாப்பிடுகிற அளவு சாப்பிட்டு, எப்போதும் குடிக்கிற அளவு குடிக்க ஆரம்பித்த வேளையைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம். கிரியாட்டினின் ஏறியிருப்பதால் நான் 48 பக்கம் சாய்வேன், உங்கள் டாக்டரிடமும் உறுதி செய்துகொள்ளுங்கள். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இரண்டாகக் கொடுக்கக் கூடாது, ஒன்றுதான்.

இன்னொன்று, நாளைக்கும் பிபி ஏறாமல் 110க்குள்ளேயே நின்றால் பயப்படாதீர்கள். டெல்மிசார்டன் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு முழு நாள் பிடிக்கும், குளோர்தாலிடோனுக்கு இரண்டு நாள்கூட ஆகும். நேற்றுக் காலை போட்டதன் வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இதனால்தான் முதல் நாளே நிறுத்துவதற்கும் நாலாவது நாள் நிறுத்துவதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

நிலாமுற்றம் · வெள்ளி, காலை 7:15

நிலவரம் சொல்கிறேன். புதன் இரவோடு பேதி நின்றது. வியாழன் மதியம்தான் பழையபடி ஒரு சாப்பாடு சாப்பிட்டார், அந்த வேளையைக் காலண்டரில் எழுதிவிட்டேன். பிபி புதன் 110/64, வியாழன் 124/74, இன்று காலை 142/84. நின்று பார்த்தாலும் 138, தலைசுற்றல் இல்லை.

48 மணி நேரம் என்றால் சனி மதியம். அம்மா காலை மாத்திரைக்காரர், அதனால் ஞாயிறு காலை ஏழு மணி என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஆனால் 142 பார்த்ததும் அம்மா கவலைப்படுகிறார். நடுவில் அம்லோடிபின் 5 மட்டும் தனியாக வாங்கிக் கொடுக்கலாமா? சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் என்று நீங்கள் சொன்னவற்றில் அது இல்லையே.

நள்ளிரவு_வெளிச்சம் · காலை 8:02

நான் கொடுப்பேன். தண்ணீர் இறங்குகிறது, மேல் அளவு 140 தாண்டிவிட்டது, அம்லோடிபின் அந்த வடிகட்டிச் சிக்கலில் சேராது. மூன்றையும் சேர்த்து விட்டதில் அநாவசியமாக விட்டது அது ஒன்றுதான்.

கரையோரம் · காலை 8:30

நான் கொடுக்கமாட்டேன், காரணம் மருந்து அல்ல. இரண்டு நாளைக்காக வீட்டுக்குள் ஒரு புது அட்டை வரும். ஞாயிறு சேர்ந்த மாத்திரை ஆரம்பித்த பிறகும் அது டப்பாவிலேயே கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கால் வீங்கி, தலைசுற்றி விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 142 இரண்டு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. 180 தொட்டால் என் பதில் மாறும். ஆனால் அம்மாவைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் டாக்டர், அவர் சொல்வதே கடைசி.

நிலாமுற்றம் · அடுத்த புதன், காலை 9:40

எங்கள் டாக்டர் அம்லோடிபின் வேண்டாம் என்றார். சனி 150/88 வந்தது, அதற்கு மேல் போகவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சேர்ந்த மாத்திரையை ஆரம்பித்தோம். நேற்று ரத்தம் பார்த்தோம்: கிரியாட்டினின் 1.0, சோடியம் 137. இன்று காலை 132/80.

குளோர்தாலிடோன் இல்லாத மாத்திரைக்கு மாற்றலாமா என்று அவர் யோசிக்கிறார். இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். அட்டையின் பின்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாகிவிட்டது அக்கா. அம்மாவே போட்டார்.